மூட்டையும் பாதமும்

ஜூரோங் மேற்கில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், கூரை முழுக்கப் புல் வளர்ந்த ஒரு கட்டடம் உண்டு. அதில் இயங்குவது 2005-ல் தொடங்கிய கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி. அனிமேஷனும் அங்கே ஒரு பாடம். அனிமேஷனை எங்கே படித்தாலும் சீக்கிரமே வந்துவிடும் பயிற்சி, ஓர் உருவத்தை நடக்க வைப்பது. இரண்டு எட்டுக்கான அசைவை மட்டும் செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். இதற்கு ‘வாக் சைக்கிள்’ என்று பெயர். அதை எப்படிப் பரிசோதிப்பது என்பதை ஒரே ஓர் உருவத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஜூரோங்கில் இந்தத் தொழில் பழகும் தம்பி ஒருவர் செய்தது அது. சிராங்கூன் சாலை மளிகைக் கடைக்காரர் ஒருவர் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்து நடக்கிறார். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். சாதாரண நடையில் ஓர் எட்டுக்கு 12 பிரேம் வைப்பது வழக்கம். அதாவது நொடிக்கு இரண்டு எட்டு. பாரம் சுமப்பவர் ஆயிற்றே என்று தம்பி 16 பிரேம் வைத்திருந்தார். இரண்டு எட்டுக்கு 32.

ஓட விட்டதும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்னத் திக்கல். காரணம் எளிது. 33-ஆம் பிரேம் முதல் பிரேமின் நகல். சுற்று பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக வைப்பது. அதையும் சேர்த்து ஓட விட்டால் ஒரே நிலை இரண்டு பிரேமுக்கு நிற்கும். 32-லேயே முடித்துவிட்டால் திக்கல் போய்விடும்.

அடுத்தது பாரம். நடை மெதுவாகத்தான் இருந்தது, ஆனாலும் மூட்டையில் அரிசி இருப்பதாகவே தோன்றவில்லை. தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தார். வேகத்தைக் குறைத்தால் பாரம் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வராது. இடுப்பைப் பார்க்க வேண்டும். குதிகால் தரையைத் தொட்ட சில பிரேமுக்குள் முட்டி மடங்கி, இடுப்பு மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். எடையை உடம்பு வாங்கிக்கொள்வது அங்கேதான். பிறகு அந்தக் காலை ஊன்றி மேலே எழும்ப வேண்டும். தம்பியின் நடையில் இறங்க 8 பிரேம், ஏற 8 பிரேம். அதனால்தான் மிதந்தார். நிஜத்தில் பாரம் சட்டென்று கீழே இழுக்கும். தூக்கி நிறுத்தத்தான் நேரம் பிடிக்கும். எனவே இறங்க 6, ஏற 10 என்று மாற்றினோம். இடுப்பை ஊன்றிய கால் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தோம். மூட்டை, உடம்பு இறங்கி இரண்டு பிரேம் கழித்து இறங்கியது. சுமக்கிறவர் காலை அகட்டி வீசமாட்டார் என்பதால் எட்டையும் 48 சென்டிமீட்டரிலிருந்து 40 ஆகக் குறைத்தோம். மனிதர் உண்மையிலேயே சுமக்க ஆரம்பித்தார்.

அதுவரை ஒழுங்காக இருந்த பாதம் அப்போதுதான் வழுக்கத் தொடங்கியது. “அண்ணே, காலை நான் தொடவே இல்லையே?” என்று கேட்டார் தம்பி. தொட்டது எட்டின் நீளத்தை. முன்பு இரண்டு எட்டுக்கு 96 சென்டிமீட்டர். 32 பிரேமுக்குப் பங்கிட்டால் பிரேமுக்கு 3. காட்சியில் உருவம் முன்னே நகர்வதும் அதே வேகம்தான். இப்போது இரண்டு எட்டுக்கு 80, பிரேமுக்கு இரண்டரை. நகரும் வேகமோ பழைய 3-லேயே நிற்கிறது. பிரேமுக்கு அரை சென்டிமீட்டர் மிச்சம். நடையில் ஒரு பாதம் சுற்றின் ஏறக்குறைய 60 விழுக்காடு நேரம் தரையில் இருக்கும். இங்கே சுமார் 19 பிரேம். ஆக ஒவ்வோர் ஊன்றலிலும் பாதம் 10 சென்டிமீட்டர் அளவுக்கு முன்னே வழுக்குகிறது. ஈரத் தரையில் சறுக்குவது போலத் தெரியும். பாதம் பின்னே வழுக்கினால், உருவம் நகரும் வேகம் போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வேகத்தை இரண்டரை ஆக்கினோம். அப்படியும் ஊன்றலின் தொடக்கத்திலும் முடிவிலும் லேசான வழுக்கல் மிச்சம் இருந்தது. கணினி தானாகவே அசைவை மெல்லத் தொடங்கி மெல்ல முடிக்கும். கைக்கு அது அழகு. ஊன்றிய பாதத்துக்கு ஆகாது. அது உடம்பைப் பொறுத்து ஒரே சீரான வேகத்தில் பின்னே போக வேண்டும். அந்தப் பகுதியில் மட்டும் வளைவுக் கோட்டை நேர்கோடாக்கினால் சரியாகிவிடும்.

வழுக்கலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காட்சியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, பாதம் ஊன்றிய இடத்தில் திரையின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, பிரேம் பிரேமாகத் தள்ளிப் பாருங்கள். ஊன்றலின் பிற்பாதியில் குதிகால் எழும்பும், அது குற்றமில்லை. கால் விரல்களுக்குப் பின்னால் உள்ள உருண்டை தரையை விட்டுக் கிளம்பும் வரை நாடாவை விட்டு நகரக்கூடாது.

நடையை நேரம், பாரம், பாதம் என்ற வரிசையில் பார்க்கச் சொல்கிறேன். பாதத்தை முதலில் சரிசெய்தால், பாரத்துக்காக எட்டை மாற்றியதும் அந்த வேலை முழுவதும் வீண். இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும் காட்சிக்குப் பாதத்தில் மணிக்கணக்காக உழைக்கவும் வேண்டாம்.

வீடியோ விளையாட்டில் சங்கதி வேறு. ஆடுபவர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். எந்தச் சுற்றும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. அங்கே நிரலே பாதத்தைத் தரையோடு பூட்டிவிடும். பூட்டிய பாதத்தை விட்டு உடம்பு தூரம் போனால் கால் முழுதாக நீண்டு முட்டி வெடுக்கென்று நிமிரும். இடுப்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்த்திவைத்தால் அந்த வெடுக்கும் அடங்கும்.