மூன்றாவது மடல்

ஓய்வுபெறவிருந்த ஆசிரியை ஒருவரின் சேவைப் பதிவேட்டுப் பிரதியை வேண்டி, வேறொரு கந்தோரிலுள்ள சக இலிகிதருக்கு இருமுறை எழுதினேன், மறுமொழியில்லை. மூன்றாம் மடலிற் சினந்தால் அவர் சினத்துக்கே விடையளிப்பார், பிரதி வாராது. ஆகவே இவ்வாறு எழுதினேன்:

“அன்புடையீர், இம்மாதம் 3ஆம், 17ஆம் திகதிகளில் எழுதிய மடல்களின் பிரதிகளை இணைத்துள்ளேன். பதிவேட்டுப் பிரதி 31ஆம் திகதிக்குள் வேண்டும். பிந்தினால் ஆசிரியையின் ஓய்வூதியம் தாமதமாகும். இடையூறு ஏதுமிருப்பின் ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து உதவுவேன். அன்றும் கிடையாவிடின் தங்கள் பிரதம இலிகிதருக்கு எழுதவேண்டியிருக்கும். அதைத் தங்களுக்கு முன்னரே அறிவித்தல் முறையெனக் கருதுகிறேன்.”

மூன்றாம் நாள் பதில் வந்தது. பதிவேட்டில் ஒரு பக்கம் காணாமற் போயிருந்ததாம். அதைச் சொல்ல நாணியே மௌனமாயிருந்தாராம். அவரைப் பேசவைத்தது, இடையூற்றைக் கேட்ட அந்த ஒரு வரியே.