ஒரே இயந்திரத்துக்கு ஐந்து மார்க்: டெண்டரில் நாங்கள் கற்றுக்கொண்டது

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் கொள்முதல் குழு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம எண்ணெய்ச் செக்குக் கூடத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அங்கே ஓடுற இரண்டு மரச்செக்கையும் வாங்க நாங்க இரண்டு தடவை டெண்டர் விட்டோம். முதல் தடவை விட்டதை ரத்து செய்தோம். ஏன் ரத்து செய்தோம், இரண்டாவது தடவை என்ன மாற்றினோம் என்பதை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். நாளைக்கு உங்க ஊராட்சிக் கூட்டமைப்பிலும் மாவு மில்லோ, பேக்கிங் மெஷினோ வாங்கும்போது இது உதவும்.

முதல் டெண்டரில், தொழில்நுட்ப மதிப்பீடு என்ற தலைப்பில் மூன்றே வரி எழுதியிருந்தோம். இயந்திரத்தின் தரம் 40 மார்க், நிறுவனத்தின் அனுபவம் 30, விற்பனைக்குப் பிந்தைய சேவை 30. படிக்க நல்லாத்தான் இருந்தது. மூன்று பேர் விண்ணப்பித்தாங்க. கமிட்டியில் நாங்க ஐந்து பேர், தனித்தனியா மார்க் போட்டோம். தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரே நிறுவனத்தின் சேவைக்கு நான் 25 போட்டிருக்கேன், பக்கத்தில் இருந்த அக்கா 10 போட்டிருக்காங்க. மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மார்க்.

அந்த நிறுவனம் எழுதியிருந்தது, "சிறந்த சேவை அளிப்போம்" என்று. நான் அதை நம்பினேன். அக்கா வீட்டில் கிரைண்டர் ரிப்பேராகி இரண்டு மாசம் யாரும் வரலை, அதனால அவங்க நம்பலை. இரண்டு பேர் மேலேயும் தப்பு இல்லை. நாங்க எழுதின வரிதான் தப்பு. அளக்க ஒரு கோலே கொடுக்காமல் அளக்கச் சொல்லியிருந்தோம்.

தோற்றுப்போன ஒருத்தர் வந்து, "எனக்குச் சேவையில் ஏன்மா குறைந்தது? எதை எழுதியிருந்தா கிடைத்திருக்கும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பதில் சொல்ல முடியாத மார்க்கை வைத்துக் கூட்டமைப்புப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று டெண்டரை ரத்து செய்தோம்.

அரசு அலுவலகங்களின் டெண்டருக்கு 1998-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்திருக்கிறது, டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம். டெண்டர் ஆவணத்திலேயே சொன்ன, அளந்து பார்க்கக்கூடிய விஷயங்களை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது அதன் கருத்து. அதையே எங்களுக்கும் விதியாக வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது தடவை, முதலில் கேள்விகளை இரண்டாகப் பிரித்தோம். "இருக்கா, இல்லையா" என்று மட்டும் பார்க்க வேண்டியவை ஒரு பக்கம். ஜிஎஸ்டி பதிவு, எண்ணெய் படும் உலோகப் பாகம் உணவுக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகு, பெல்ட்டுக்கு மூடி, ஓராண்டு உத்தரவாதம். இவற்றுக்கு மார்க் கிடையாது. பெல்ட்டுக்கு மூடி இல்லாத இயந்திரத்தில் சேலை சிக்கினா என்ன ஆகும்? அதற்கு 5 மார்க் குறைத்துவிட்டு வாங்க முடியுமா? இல்லைன்னா இல்லைதான்.

இங்கேயே ஒரு தப்பு செய்யப் பார்த்தோம். வேறொரு டெண்டரைப் பார்த்து, "ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி" என்று எழுதிவிட்டோம். சில லட்ச ரூபாய் செக்குக்கு எதுக்கு ஒரு கோடி? அந்த ஒரு வரி, பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அதை எடுத்துவிட்டு, "கடந்த மூன்று ஆண்டில் இதே மாதிரி இரண்டு செக்காவது விற்றிருக்க வேண்டும்" என்று போட்டோம்.

அடுத்து, மார்க் போட வேண்டியவை. நான்கே விஷயம், மொத்தம் 100.

எண்ணெய் எவ்வளவு வருது என்பதற்கு 35. அவங்க இயந்திரத்தில், நாங்க கொண்டுபோற 15 கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டிக் காட்டணும். எல்லாருக்கும் ஒரே மூட்டைப் பருப்பு. புது மரம் எண்ணெயைக் குடிக்கும் என்பதால் முதல் ஆட்டு கணக்கில் வராது, இரண்டாவது ஆட்டுதான். நுரை ஏமாற்றும் என்பதால் தெளிய வைத்து, லிட்டரில் இல்லாமல் எடை போட்டுப் பார்த்தோம். 6 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 35 மார்க். 5.7 முதல் 6-க்குள் 25. 5.4 முதல் 5.7-க்குள் 15. அதற்குக் கீழே பூஜ்யம்.

ரிப்பேருக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்பதற்கு 30. 24 மணி நேரத்துக்குள் 30, 48-க்குள் 20, 72-க்குள் 10. எழுதிக் கொடுக்கும் நேரம் அப்படியே ஒப்பந்தத்திலும் ஏறும், தவறினால் அபராதம். இதைச் சொல்லலைன்னா எல்லாரும் 24 என்றே எழுதிடுவாங்க.

விற்று, இப்போதும் ஓடுகிற ஒவ்வொரு செக்குக்கும் 4 மார்க், அதிகபட்சம் 20. வாங்கினவங்களுக்குப் போன் பண்ணி நாங்களே உறுதி செய்தோம். நம்ம பெண்களுக்கு நம்ம கூடத்திலேயே பயிற்சி என்றால் ஒரு நாளைக்கு 5 மார்க், அதிகபட்சம் 15.

60 மார்க் எடுத்தவங்களின் விலை உறையை மட்டும் பிரிப்போம், அதில் குறைந்த விலைக்கே ஆர்டர் என்றும் எழுதினோம்.

வெளியிடும் முன்னாடி ஒரு சோதனை. நானும் அந்த அக்காவும் கற்பனையா ஒரு விண்ணப்பம் எழுதி, தனித்தனி அறையில் உட்கார்ந்து மார்க் போட்டோம். எண்ணெயில் மட்டும் வேறுபட்டது. முதல் வரைவில் "5.4 முதல் 5.7 வரை", "5.7 முதல் 6 வரை" என்று இருந்தது. சரியா 5.7 வந்தால் எந்தப் படி? அவங்க கீழே போட்டாங்க, நான் மேலே போட்டேன். அங்கேதான் "5.7-க்குள்" என்று திருத்தினோம்.

இப்போ முடிவைக் கேளுங்க. மூன்று பேர் வந்தாங்க. முதல் நிறுவனத்துக்கு எண்ணெயில் 25, ரிப்பேரில் 20, ஓடுகிற செக்குக்கு 20, பயிற்சிக்கு 10, ஆக 75. பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு 15, 30, 12, 15, ஆக 72. இன்னொரு நிறுவனத்தின் செக்கில் 6.1 கிலோ எண்ணெய் வந்தது. எல்லாரையும் விட அதிகம், 35 மார்க். ஆனால் ரிப்பேருக்கு "விரைவில் வருவோம்" என்று மட்டும் எழுதியிருந்தார். பூஜ்யம். செக்குக்கு 12, பயிற்சிக்கு 10. மொத்தம் 57.

கமிட்டியில் பெரிய பேச்சு. "நல்லா எண்ணெய் வருதே, ஒரு போன் போட்டு எத்தனை மணி நேரம்னு கேட்டுக்கலாமே" என்றாங்க ஒரு அக்கா. எனக்கும் ஆசைதான். ஆனால் மற்ற இரண்டு பேரும் உறை ஒட்டும் முன்னாடியே எழுதி மாட்டிக்கிட்டாங்க. இவருக்கு மட்டும் அப்புறமா எழுத வாய்ப்புக் கொடுத்தா அது போட்டி இல்லை. விலை உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தோம். மற்ற இரண்டில் பட்டறையின் விலை குறைவு. ஆர்டர் அவருக்குப் போனது.

57 எடுத்தவர் வந்து ஏன் என்று கேட்டார். இந்தத் தடவை டெண்டரின் அந்த வரியையும் அவர் எழுதினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நான் மணி நேரம் எழுதலை" என்றார். சண்டை வரலை.

அதோடு, "எழுதறதுக்கு ஒரு கோடு விட்டிருந்தா எழுதியிருப்பேனேம்மா" என்றும் சொன்னார். அது நியாயம். நாங்க மார்க் விவரம் கொடுத்தோம், நிரப்ப படிவம் கொடுக்கலை. அதனால ஒரு நல்ல செக்கு நம்ம கையை விட்டுப் போனது. இப்போ நம்ம டெண்டர் படிவத்தில் ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே ஒரு காலி இடம் இருக்கிறது: "பழுது நீக்க ஆள் வரும் நேரம், ____ மணி". படிவத்தின் நகல் அலுவலகத்தில் இருக்கு. எந்தக் குழு கேட்டாலும் தருவோம்.