ஹாட் பாக்ஸில் ராத்தங்கும் சப்பாத்தி

காலையில் சுட்டு ஹாட் பாக்ஸில் மூடி வைத்த சப்பாத்தி மதியம் வரை மெத்தென்று இருக்கிறது. காரணம் இதுதான்: சூட்டில் மாவுச்சத்து இறுகாது, ஈரமும் வெளியே போகாது. ஆனால் அந்த ஈரம் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

மூடிக்குத்தான் போகிறது. ஆவி அங்கே மோதி, முத்து முத்தாகத் திரண்டு, சப்பாத்தி மேலேயே சொட்டுகிறது. கொஞ்சம் அடியிலும் தேங்குகிறது. அதனால்தான் மேல் சப்பாத்தியும் அடிச் சப்பாத்தியும் சொதசொதவென்று ஆகின்றன, நடுவில் இருப்பவை தப்பிக்கின்றன. கல்லிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் அரை நிமிடம் ஆவி போக விடுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியைப் பெட்டிக்குள் விரித்து, அடுக்கி, நுனிகளை மேலே மடித்து மூடுங்கள். டிஷ்யூ காகிதம் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும்; எனக்கு வேட்டித் துணிதான் பிடிக்கும். துணி நனைந்துவிட்டதா? மதியம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இனி சாயங்காலத்துக்கு வருவோம். ஹாட் பாக்ஸ் சூடு உண்டாக்காது, சூடு குறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு, அது கிருமி வளரத் தோதான வெதுவெதுப்பான, ஈரமான அறை. கோதுமை மாவிலேயே சில பாக்டீரியாக்களின் வித்துகள் இருக்கும். கல்லின் சூட்டில் அவை சாவதில்லை. வெதுவெதுப்பு கிடைத்ததும் முளைக்கும்.

விடுதிச் சமையலறைகளைப் பார்வையிடுவது என் வேலை. ஒரு விடுதியில் காலையில் பெட்டியைத் திறந்த சமையல்கார அக்கா, "நேத்துப் போட்டதும்மா, பூஞ்சை ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்றார். அடியில் இருந்ததைப் பிய்த்தேன். இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிய பிசின் நூல் இழுத்தது. அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாடை! பூஞ்சை பூப்பதற்கு முன்பே இது வந்துவிடும், நேயர்களே. கண்ணை மட்டும் நம்பாமல் பிய்த்துப் பாருங்கள், மோந்து பாருங்கள். நூல் இழுத்தால் குப்பைக்குத்தான். திரும்பச் சுட்டாலும் பயனில்லை. நாற்றம் இல்லை என்பதாலேயே பத்திரம் என்றும் சொல்ல முடியாது, சில கிருமிகள் சாடை காட்டுவதே இல்லை.

உருளைக்கிழங்கு, பனீர் வைத்த பராத்தாவுக்கு இன்னும் அவசரம். உள்ளே ஈரம் அதிகம். சூடு போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

மறுநாளைக்கு வேண்டுமா? சூடாக இருக்கும்போதே பெட்டியிலிருந்து எடுத்து, பரப்பி ஆறவிட்டு, துணியில் சுற்றி, டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் விறைத்திருக்கும், பயப்படாதீர்கள். குளிரில் மாவுச்சத்து இறுகியிருக்கிறது, அவ்வளவே. லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடான கல்லில் போட்டால் இளகிவிடும்.

நேரம் முடிகிறது. இன்று ராத்திரி உங்கள் பெட்டியில் மிச்சம் இருந்தால், சூடு ஆறும் முன்பே எடுத்து வைப்பீர்கள் என்று நம்புகிறேன். பெட்டியையும் கழுவித் திறந்து காயவையுங்கள், மூடியின் ரப்பர் இடுக்கை மறக்காமல்.