லைசென்ஸ் வேண்டாத வண்டி எது?

அன்பார்ந்த பெற்றோர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமா என்று பலரும் நம்மிடம் கேட்கிறீர்கள்.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தின் சான்றும் இருந்தால், சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதாது. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சிக்கல் வாங்கிய பிறகுதான் வருகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரை மெக்கானிக் கழற்றிவிடுவார். வண்டி 40-ல் பறக்கும். பையனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அப்போதே அது பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. 15 வயதுப் பையன் அதில் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி தகப்பனாருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். எனவே மாதம் ஒருமுறை நாமே ஓட்டி, மீட்டர் 25-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துவிடுவோம்.

ஒயர் கழற்றாத வண்டியும் சிக்னலில் நிற்கத்தான் வேண்டும். ஒருவழிப் பாதையில் எதிரே வரக்கூடாது. பொதுவழியில் ஆபத்தாக ஓட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆம் பிரிவு, மோட்டார் வாகனம் என்று பிரித்துச் சொல்லவில்லை. சைக்கிளும் அதற்குள் அடக்கம்.