இன்சுலின் ஏற்றுவோர் தொழில்தருநருக்கு எழுதும் கடிதம்
(சமூக நிலையத்தில் தமிழ் பேசும் நகரவாசிகளுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சலரோகத்துக்கு இன்சுலின் ஏற்றிக்கொண்டு வேலைக்குச் செல்வோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுட் பெரும்பாலார் அதனை மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அமைந்துவிடுகின்றனர். மேற்பார்வையாளர் மாறியதும் அச்சொல்லும் அவருடனே போய்விடுகிறது. ஆகவே இன்று ஒரேயொரு கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்: இடைவேளையும் மறைவான இடமும் கேட்டுத் தொழில்தருநருக்கு எழுதும் கடிதம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்மணி பண்டசாலை ஒன்றில் பொதியிடும் வேலை செய்கிறார். வேலை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. மாலை 6 மணிக்கு அரைமணி நேர இடைவேளை. உணவுக்கு முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலினை ஏற்றவேண்டும் என்பது அவருடைய மருத்துவ ஒழுங்கு. மறைவான இடம் வேறில்லாமையால் 6 மணிக்குச் சற்று முன்னர் மலசலகூடத்துக்குச் சென்று ஊசியை ஏற்றிக்கொள்வார். சில நாட்களில், அவர் திரும்பி வரும்போது, “இந்தப் பாரவூர்தி போகட்டும், பிறகு சாப்பிடலாம்” என்று இடைவேளை முக்கால் மணி நேரம் தள்ளிப்போடப்படும்.

இங்கேதான் இடர் உள்ளது. அவ்வகை இன்சுலின் ஏறத்தாழ 15 நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஏற்றிய ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. உணவு வராவிடில் குருதியில் சீனி குறையும். கை நடுங்கும், வியர்க்கும், சிந்தை தடுமாறும். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் 15 முதல் 20 கிராம் வரையான விரைவுச் சீனியை, சிறு குவளைப் பழச்சாறாகவோ குளுக்கோசு வில்லைகளாகவோ, உடனே எடுத்து, 10 அல்லது 15 நிமிடங்களின் பின் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். ஆதலால் இப்பெண்மணிக்கு வேண்டியது நீண்ட இடைவேளை அன்று, தள்ளிப்போடப்படாத இடைவேளை. கடிதத்தின் உயிர்நிலை இதுவே. “கூடுதல் ஓய்வு தாருங்கள்” என்று எழுதினால் அது சலுகை கேட்பதாகவே வாசிக்கப்படும்.

இனிச் சட்டம். இங்கிலாந்து, வேல்சு, இசுக்கொட்லாந்து ஆகியவற்றில் சமத்துவச் சட்டம் 2010 நடைமுறையில் உள்ளது. ஓர் உடற்குறைபாட்டால் ஊழியர் பிறரைவிடக் கணிசமான பாதகத்துக்கு உள்ளாகும்போது, அதனைத் தவிர்க்க ‘நியாயமான மாற்றங்கள்’ செய்வது தொழில்தருநரின் கடமை. நம்மவர் பலர் ‘உடற்குறைபாடு’ என்ற சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொள்ளத் தயங்குகின்றனர். அந்தத் தயக்கம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. எனினும் இங்கு அது பழிச்சொல் அன்று, சட்டத்தின் வாயிற்கதவு. ‘மருந்து எடுக்கிறீர்கள், நன்றாகத்தானே இருக்கிறீர்கள்’ என்ற வாதமும் நில்லாது. மருந்து இல்லாவிடில் நிலைமை எவ்வாறிருக்கும் என்றே சட்டம் பார்க்கிறது. இன்சுலின் ஏற்றுவோர்க்கு இது வலுவான நிலை. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் சலரோகத்தை அடக்கி வைத்திருப்போர் இதே வலுவை எதிர்பார்க்கலாகாது. அவர்கள் முன்னரே ஆலோசனை பெறுவது நன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இவ்வுரிமை உண்டு. ஆயினும் தொழில்தருநருக்கு நோய் தெரிந்திருக்கவேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாக இருக்கவேண்டும். அறியாத ஒன்றுக்காக அவர்மேல் கடமை எழாது. திகதியிட்ட கடிதம் எழுத்திலே இருக்கவேண்டுவது இதற்காகத்தான்.

மேற்சொன்ன பெண்மணியின் கடிதம், தமிழில் சொல்வதாயின், இவ்வாறு அமையும். அனுப்புவது ஆங்கிலத்தில் இருக்கவேண்டும்.

“மதிப்புக்குரிய முகாமையாளருக்கு,

மாலை வேலைமுறையில் பொதியிடும் பிரிவில் பணியாற்றுகிறேன். எனக்குச் சலரோகம் உள்ளது. நாள்தோறும் இன்சுலின் ஏற்றுகிறேன். இது சமத்துவச் சட்டம் 2010 கூறும் உடற்குறைபாடு என்று கருதுகிறேன். அச்சட்டத்தின்கீழ் நியாயமான மாற்றங்களைக் கோருகிறேன்.

மாலை உணவுக்கு முன் நான் ஏற்றும் இன்சுலின் சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். இடைவேளை பிந்தினால் சீனி அபாயமான அளவுக்குக் குறையலாம். கடந்த மாதத்தில் இருமுறை அவ்வாறு நேர்ந்தது. திகதிகளைக் கீழே தந்துள்ளேன்.

ஆகவே, என் 6 மணி இடைவேளை தள்ளிப்போடப்படாதிருக்கவேண்டும். 4 மணிக்கும் 8 மணிக்கும் சீனி அளக்க ஐந்து நிமிடங்கள் வேண்டும். சீனி குறைந்தால் அனுமதிக்குக் காத்திராமல் வேலையை நிறுத்திச் சிகிச்சை செய்துகொள்ள இடமளிக்கவேண்டும். இந்நிமிடங்களுக்கு ஊதியம் கழிக்கப்படலாகாது எனக் கேட்கிறேன். ஊசி ஏற்ற, உட்புறம் பூட்டக்கூடிய, கை கழுவ வசதியுள்ள ஓர் இடம் வேண்டும். முதலுதவி அறை போதுமானது.

முதலுதவியாளருக்கும் என் மேற்பார்வையாளருக்கும் இதனை அறிவிக்கலாம். பிறருக்கு அறிவிக்க நான் சம்மதிக்கவில்லை. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன்.”

இக்கடிதத்தில் சீனியின் மூன்றுமாதச் சராசரி, வேறு நோய்கள், குடும்ப நிலை எவையும் இல்லை. அவை தேவையுமில்லை. குடும்ப வைத்தியரின் அல்லது சலரோகத் தாதியின் சிறு குறிப்பொன்றை இணைத்தால் வலுச்சேரும். 14 நாட்கள் என்பது சட்டம் விதித்த கெடு அன்று. பதில் வராதபோது நினைவூட்ட ஒரு நாள் வேண்டும் என்பதற்காகவே அது.

மறைவான இடத்தைப் பற்றி ஒரு சொல். அளவுமானி, ஊசிப்பேனா, துடைப்பம் ஆகியவற்றை வைக்க மலசலகூடத்தில் தூய்மையான மேற்பரப்பு இருப்பதில்லை, இக்காரணத்தையே முன்வைக்கவேண்டும். தனி அறை ஒன்றைக் கட்டித்தரும்படி சட்டம் கேட்பதில்லை. ஆகவே உள்ள அறையொன்றைச் சுட்டிக் கேட்பது மறுப்பதற்குக் கடினமானது. சாப்பாட்டு மேசையிலேயே ஊசி ஏற்ற விரும்புவோரும் உளர்; அது அவரவர் விருப்பம். பயன்படுத்திய ஊசி வேலைத்தலக் குப்பைத் தொட்டிக்குள் போகலாகாது. அதற்கான மஞ்சள் பெட்டியை வைத்தியரின் மருந்துச் சீட்டில் பெறலாம்.

கடிதத்தை முகாமையாளருக்கும் ஆளணிப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிப் படியொன்றைத் தம் வீட்டில் வைத்திருக்கவேண்டும். வேலைத்தல மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் வேலை போகும் நாளில் சான்றும் போய்விடும். ‘சரி, பார்த்துக்கொள்வோம்’ என வாயால் பதில் வந்தால், “இன்று நீங்கள் 6 மணி இடைவேளையை உறுதிசெய்தீர்கள்” என்று அன்றைக்கே இருவரியில் எழுதி அனுப்பவேண்டும். அதன்பின் இடைவேளை பிந்திய ஒவ்வொரு நாளையும், நேரத்தையும், அளவுமானி காட்டிய எண்ணையும் குறித்து வைப்பது அவசியம்.

மறுப்பு வந்தால், அல்லது பதிலே வராவிடில், முதலில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். ஆனால் முறைப்பாட்டின் முடிவுக்காகக் காத்திருந்து காலம் கடத்தலாகாது. தொழில் தீர்ப்பாயத்துக்கான காலவரம்பு குறுகியது; முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் அது தானாக நிற்பதில்லை. தீர்ப்பாயத்துக்குச் செல்லுமுன் ஏகாஸ் அமைப்புக்கு அறிவிப்பது கட்டாயம். அதன் உதவித் தொலைபேசி 0300 123 1100; ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அழைக்கும்போது அனுப்பிய கடிதத்தின் படியையும் குறிப்பேட்டையும் கையில் வைத்திருங்கள்.