போருக்கு ஏற்ற மோட்டார் எது?

தாய்மார்களே, பெரியவர்களே, தம்பி தங்கைகளே! நான் பல ஆண்டுகளாக மோட்டார் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். வீட்டுப் போருக்கு மோட்டார் வாங்குவது பற்றிப் பேசும்படி இந்தக் கல்வி மையத்தில் கேட்டார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொன்னாலே போதும், எல்லாம் புரிந்துவிடும்.

நாம் இருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம். கேரளம் என்றாலே மழை என்பார்கள். ஆனால் நம் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. அதனால் வீட்டுக்கு வீடு போர் போடுகிறோம். அந்த அக்காவும் ஒரு வைகாசி மாதத்தில் 200 அடிக்குப் போர் போட்டார். ஆறு அங்குல அகலம். வீடு கட்டி முடித்து, ஐப்பசியில் மோட்டார் வாங்கப் போனார்.

அப்போது மழை பெய்து போரில் 18 அடியிலேயே தண்ணீர் நின்றது. கடைக்காரர் ஒரு மோனோபிளாக் மோட்டாரைக் காட்டினார். "இதில் ஹெட் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது பாருங்கள். 30 மீட்டர் என்றால் 100 அடி. உங்களுக்குத் தாராளம்" என்றார். அக்கா வாங்கிவிட்டார். மார்கழி வரை தண்ணீர் நன்றாக வந்தது. மாசியில் நின்றுபோனது. மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு கயிற்றில் கனமான இரும்புத் துண்டைக் கட்டிப் போருக்குள் இறக்கினேன். மேலே இழுத்து, கயிறு நனைந்த இடம் வரை அளந்தோம். தண்ணீர் 32 அடிக்குப் போயிருந்தது.

"32 அடிதானே அண்ணா? மோட்டாரில் 100 அடி என்று போட்டிருக்கிறதே?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

மோனோபிளாக் தரைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அது தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்ச வேண்டும். நாம் ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கிறோம் அல்லவா? வாயால் ஸ்ட்ராவில் உள்ள காற்றை இழுக்கிறோம். வெளியே இருக்கும் காற்று இளநீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. மோனோபிளாக் செய்வதும் இதுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. அந்தக் காற்றுக்கு ஓர் அளவுதான் பலம் உண்டு. கணக்குப்படி ஏறக்குறைய 33 அடி. நடைமுறையில் குழாய், வால்வு, வளைவு எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 அடிக்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு ஐந்து எச்.பி. வைத்தாலும் இந்த அளவு கூடாது. காற்றின் பலம் கூடாதே!

அப்படியானால் தகட்டில் இருந்த 30 மீட்டர் என்ன? அது மொத்த ஹெட். கீழிருந்து உறிஞ்சுவதும் மேலே தொட்டிக்குத் தள்ளுவதும் சேர்ந்த அளவு. தள்ளுவதற்கு மோட்டாருக்குப் பலம் உண்டு. உறிஞ்சுவதற்குத்தான் எல்லை.

ஆகவே முதல் விதி இதுதான். கடுங்கோடையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் தண்ணீர் 20 அடிக்குள் நின்றால் மோனோபிளாக் வாங்கலாம். விலை குறைவு. கண் முன்னே இருப்பதால் பழுது பார்ப்பதும் எளிது. தண்ணீர் அதைவிடக் கீழே போகும் என்றால், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நின்று மேலே தள்ளும் சப்மெர்சிபிள்தான் வேண்டும். அது உறிஞ்ச வேண்டியதில்லை.

அக்கா சப்மெர்சிபிள் வாங்குவது என்று முடிவு செய்தார். "போர் 200 அடி. 200 அடிக்குத் தள்ளும் மோட்டார் வாங்க வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம். போரின் ஆழம் வேறு, ஹெட் வேறு. மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் தொங்கவிட்டாலும், போரில் நிற்கும் தண்ணீர் அதே உயரத்துக்குக் குழாய்க்குள்ளும் தானாக ஏறி நிற்கும். அதற்கு மேல்தான் மோட்டார் தள்ள வேண்டும். ஆகவே தண்ணீர் மட்டத்திலிருந்து கணக்குப் போட வேண்டும்.

எந்த மட்டம்? கோடையில், மோட்டார் ஓடும்போது இறங்கி நிற்கும் மட்டம். அக்காவின் போர் வைகாசியில் போட்டது. அன்றைக்குப் போர்க்காரர்கள், தண்ணீர் 60 அடியில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலும் இதே மாதிரிப் போர். அவர்கள் ஒரு எச்.பி. மோட்டாரை 90 அடியில் வைத்திருந்தார்கள். கோடையில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. இன்னும் ஆழமாக இறக்கிய பிறகு சரியானது. ஓடும்போது 100 அடி வரை தண்ணீர் இறங்கும் என்று தெரிந்துகொண்டோம்.

இப்போது நோட்டில் எழுதினோம். தண்ணீர் மட்டம் 100 அடி. தரையிலிருந்து மாடித் தொட்டியின் வாய் வரை 25 அடி. குழாயில் தண்ணீர் உரசிப் போவதற்கும் வளைவுகளுக்கும் 15 அடி. மொத்தம் 140 அடி. மோட்டார் தகட்டில் மீட்டர் கணக்கில் இருக்கும். 10 அடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 42 மீட்டர்.

சப்மெர்சிபிள் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஹெட் 20 முதல் 60 மீட்டர் என்பதுபோல. நமக்கு வேண்டிய 42 அதன் நடுப்பகுதியில் வர வேண்டும். 60 மீட்டரில் வெறும் சொட்டுத் தண்ணீர்தான் வரும். அதனால் மேல் எல்லைக்கு ஒட்டி வாங்காதீர்கள். கூடவே, 42 மீட்டரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்றும் கேளுங்கள். கடையில் அதற்கு ஓர் அட்டவணை இருக்கும்.

அடுத்தது எச்.பி. ஒரு கடையில், "இரண்டு எச்.பி. வாங்குங்கள், பத்து நிமிடத்தில் தொட்டி நிரம்பும்" என்றார்கள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மோட்டார் எவ்வளவு தள்ளும் என்பது மட்டும் போதாது. போர் எவ்வளவு தண்ணீர் தரும்?

வைகாசியில் போர்க்காரர்கள் கம்ப்ரசர் வைத்துத் தண்ணீரை வெளியேற்றியபோது, அக்கா அதை வாய்க்கால் வெட்டி ஒரு 200 லிட்டர் பேரலில் பிடித்திருந்தார். நிரம்ப ஏழு நிமிடம் ஆனது. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் ஊறுகிறது. கோடைக் கடைசியில் அளந்ததால் அதை நம்பலாம்.

ஒரு எச்.பி. மோட்டார் 42 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் என்று அட்டவணையில் இருந்தது. அக்காவின் தொட்டி 1000 லிட்டர். 25 நிமிடத்தில் நிரம்பும். அந்த நேரத்தில் 750 லிட்டர் ஊறிவிடும். மீதி 250 லிட்டர் போரில் நிற்கும் தண்ணீரிலிருந்து வரும். ஆறு அங்குலப் போரில் ஓர் அடி உயரத்தில் ஐந்தரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 250 லிட்டர் எடுத்தால் 45 அடி இறங்கும். 60 அடியில் இருந்தது 105 அடிக்குப் போகும். மோட்டாரை 150 அடியில் தொங்கவிட்டால் பயமில்லை. போரின் அடியில் சேரும் சேறும் அதற்கு எட்டாது.

இரண்டு எச்.பி. நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளினால்? ஊறுவது 30 தான். நிமிடத்துக்கு 50 லிட்டர் இருப்பிலிருந்து போகும். 60 அடிக்கும் 150 அடிக்கும் நடுவே இருப்பதே 500 லிட்டர். பத்தே நிமிடத்தில் தண்ணீர் மோட்டார் மட்டத்துக்கு வந்துவிடும். தொட்டியும் நிரம்பாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சப்மெர்சிபிள் சூடேறிக் கெட்டுப்போகும். அதைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். அக்கா ஒரு எச்.பி.யே வாங்கினார்.

இனி, எங்கே வாங்குவது? கோயம்புத்தூர் பம்புத் தொழிலுக்குப் பேர் போன ஊர். நமக்குப் பக்கம். அங்கே ஒரு கடையில் ஆயிரம் ரூபாய் குறைவாகச் சொன்னார்கள். நம் ஊர்க் கடையில் விலை கூடுதல். நான் அக்காவிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னேன்.

பழுதானால் மோட்டாரை மேலே தூக்க ஆள் யார் அனுப்புவார்கள்? காயில் கட்டவும் உதிரிப் பாகத்துக்கும் எத்தனை நாள் ஆகும்? வாரண்டி அட்டையில் கடை முத்திரை, தேதி, மோட்டார் எண் போட்டுத் தருவார்களா?

கோவைக் கடையில், "மோட்டாரை இங்கே கொண்டு வந்தால் பார்ப்போம்" என்றார்கள். 150 அடிக் குழாயைத் தூக்குவதற்குக் கூலி உண்டு. திரும்ப இறக்கவும் கூலி உண்டு. கொண்டு போக வண்டி வாடகை வேறு. வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்குத்தான், இந்தக் கூலிக்கு அல்ல. ஒருமுறை தூக்கினாலே மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் போய்விடும். நம் ஊர்க் கடைக்காரர், தூக்குகிற ஆட்களின் பேரைச் சொன்னார். இரண்டு நாளில் சரி செய்து தருவதாகப் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தார். அக்கா அங்கேயே வாங்கினார். அட்டையில் உள்ள எண்ணையும் மோட்டாரில் அடித்துள்ள எண்ணையும் தானே ஒப்பிட்டுப் பார்த்தார்.

மோட்டார் ஓடிய முதல் நாள், ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் முள் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறி வைக்கச் சொன்னேன். சித்திரையில் ஒருநாள் முள் குறிக்குக் கீழே இறங்கியது. தோட்டத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டதால் போரில் தண்ணீர் குறைந்திருந்தது. அக்கா உடனே மோட்டாரை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டார். முள் பழைய குறிக்கு வந்தது. முள் குறிக்கு மேலே ஏறினால் மோட்டார் இறுகுகிறது அல்லது மின்சாரத்தில் கோளாறு என்று பொருள். அப்போதும் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பெட்டியை நாமே திறக்கக் கூடாது.

அந்த மோனோபிளாக் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அக்காவின் தம்பி வீட்டில் பழைய திறந்த கிணறு இருக்கிறது. கோடையிலும் 15 அடியில் தண்ணீர். அங்கே அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்களும் இந்தச் சித்திரையில் ஒரு கயிறு எடுத்து உங்கள் போரை அளந்து, நோட்டில் எழுதி வையுங்கள். மோட்டார் கடைக்கு அந்த நோட்டோடு போங்கள்.