பாக்கு மட்டும் போட்டால் பரவாயில்லையா?

(ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கூட்டம் தொடங்கும் முன் வழமைபோல வெற்றிலைத் தட்டைச் சுற்றிக் கொடுத்தோம். பாதிப்பேர் எடுத்தோம். அதில் பலர், "எனக்குப் புகையிலை வேண்டாம், வெத்தலையும் பாக்கும் போதும்" என்று சொல்லி எடுத்தோம். இன்று நாம் பேசப்போவது அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

நாம் ஏன் வெற்றிலை போடுகிறோம் என்பது நமக்குத் தெரியாததல்ல. காலையில் பிளேன்டீயும் ஒரு துண்டு ரொட்டியுமாக மலைக்குப் போகிறோம். பனியும் குளிரும் ஒருபக்கம், பசி ஒருபக்கம். கொழுந்து நிறுத்து முடியும்வரை நிற்க வேண்டும். வாயில் ஒன்றை அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, உடம்பும் சூடாகும். ஆகவே வெற்றிலை போடுகிறவரை ஏசுவதற்கு நாம் இங்கே வரவில்லை.

ஆனால் புகையிலையை விட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்ற எண்ணம் தவறு. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1985லேயே சொல்லிவிட்டது. அதே நிலையத்தின் நிபுணர்கள் 2003ல் மீண்டும் கூடி, புகையிலை சேராத வெற்றிலையும், தனிப் பாக்குங்கூட மனிதருக்குப் புற்றுநோயைத் தருகிறது என்று முடிவு சொன்னார்கள். வாய்க்கு மட்டுமல்ல, சாறு இறங்கும் உணவுக்குழாய்க்கும் அந்த ஆபத்து உண்டு. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் பகுதிப் புற்றுநோய்தான் முதலிடத்தில் நிற்கிறது.

பாக்கு என்ன செய்கிறது? அதில் அரிகோலின் என்றொரு சத்து இருக்கிறது. நாம் தடவும் சுண்ணாம்பு அதைப் பாக்கிலிருந்து பிரித்து, கன்னத்தின் உட்தோலுக்குள் இறங்கச் செய்கிறது. தலை கிறுகிறுப்பதும் உடம்பு சூடாவதும் அதனால்தான். அதே சத்து தோலுக்கு அடியில் நார் நாராகத் தசையை வளரச் செய்கிறது. மெத்தென்று இருக்க வேண்டிய கன்னம் வருடக்கணக்கில் இறுகி, தோல்வார்போல் ஆகிறது. இதை வாய் இறுக்க நோய் என்போம். இது புற்றுநோய் அல்ல. அதற்கு முந்திய படி. கேரளத்தில் எர்ணாகுளம் பகுதியில் இந்த இறுக்கம் வந்த 66 பேரை 17 வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது.

ஒரு அக்காவை நினைத்துப் பார்ப்போம். நம் லயங்களில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். இருபது வயதில் மலைக்கு வந்த நாள்முதல் இடது கொடுப்பில் வெற்றிலையை அடக்குகிறார். நாற்பது வயதில் சம்பல் வாயில் பட்டால் எரிகிறது. "வயசாகுது" என்று உறைப்பைக் குறைக்கிறார். அடுத்து, அடுப்பை ஊதும்போது கன்னம் உப்ப மறுக்கிறது, காற்று நிற்கவில்லை. ஊதுகுழலை மகளிடம் கொடுத்துவிடுகிறார். பிறகு ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத்தான் வாயில் வைக்க முடிகிறது. இந்த மூன்றிலும் பெரிய வலி இல்லை. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் இடது கன்னத்துக்குள் ஆறாத புண் வந்து, காதுவரை வலி இழுத்தபோதுதான் வைத்தியரிடம் போகிறார். உடம்பு பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தது; நாம்தான் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் தேவையில்லை. உங்கள் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வையுங்கள். மூன்றும் போனால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டு விரல்தான் போகிறது என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் நின்று இரண்டு கன்னங்களின் உட்புறம், முரசு, நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக, வெற்றிலையை அடக்கும் பக்கத்தைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, வெல்வெட் துணிபோன்ற சிவப்புப் படை, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். சிவப்புப் படை வெள்ளையைவிட ஆபத்தானது. எச்சில் சிவப்பென்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

உணவுக்குழாயைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. அங்கே சாப்பாடுதான் அடையாளம். முதலில் ரொட்டி நெஞ்சில் நிற்கும். தண்ணீர் குடித்து இறக்குவோம். பிறகு சோறு நிற்கும், பிறகு கஞ்சியும் நிற்கும். கஞ்சிவரை காத்திருக்க வேண்டாம். ரொட்டி நிற்கும்போதே போக வேண்டும்.

இனி ஒரு கசப்பான செய்தி. நம் நாட்டில் 34 சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பார்க்கப் பயிற்சி கொடுத்து, 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். அந்த விபரம் 1984ல் வெளிவந்தது. பெரிய டாக்டர் இல்லாமலே அவர்கள் நோயைச் சரியாக அடையாளம் கண்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போகவேயில்லை.

ஏன் போகவில்லை என்று நம்மைக் கேட்டால் சொல்லுவோம். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, அப்புத்தளை சுற்றித் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ, அதற்கும் அப்பால் பதுளைக்கோ போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. அங்கே தசைத் துண்டு வெட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் வேறு. வெட்டிப் பார்ப்பதால் நோய் பரவாது, தோழர்களே. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்து, இரண்டொரு தையல் போடுவார்கள். சிறிய புண்ணாக இருக்கும்போது வெட்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். கழுத்துக் கட்டியோடு போனால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

விட்டுவிட்டால் சரியாகுமா என்று கேட்பீர்கள். வெள்ளைப் படை பலருக்குக் குறையும், சிலருக்கு மறைந்தும் போகும். இறுகிய கன்னம் பழையபடி இளகுவது அரிது. ஆனால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். எப்படியானாலும் விட்ட பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது வாயைக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு கடி பாக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

சங்கமாக நாம் செய்யக்கூடியவை மூன்று. தோட்ட மருந்துச்சாலையில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோருடைய வாயையும் பார்க்க ஏற்பாடு செய்யும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவருக்கு அந்த நாள் பேர் வெட்டப்படக் கூடாது என்று கேட்போம். தனியாகப் போகப் பயப்படுகிறவரோடு கமிட்டியிலிருந்து ஒருவர் கூடப் போவோம்.

நான்காவது ஒன்றை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் இந்த வெற்றிலைத் தட்டு வேண்டாம். அந்தக் காசுக்கு அவித்த கடலை வைப்போம். பசியோடு வந்தவருக்கு அதுதான் மரியாதை.

இப்போது எழும்புவதற்கு முன், எல்லோரும் மூன்று விரலை வைத்துப் பார்ப்போம். போகாதவர்கள் வெட்கப்படாமல் மாதர் தலைவியிடம் பெயரைக் கொடுங்கள்.